பன்னீர் பட்ட காமிரா

காமிராவை எதிலிருந்தெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், மழை, வெயில், மணல், கடல் உப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் முதலாளி என்றும் சேர்த்துச் சொல்வேன். முதல் நாலுக்கும் என்னிடம் மருந்து உண்டு. எண்ணெய்த்துணி, குடை, தூரிகை, மெல்லிய தோல் துண்டு. ஐந்தாவதுக்கு இன்னும் எவனும் உறை தைக்கவில்லை.

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்துக்காரன். ஐம்பத்து மூன்றாம் வருஷம் மே மாதம், நான் உதவி ஒளிப்பதிவாளனாகப் பதினோரு வருஷம் முடித்திருந்தேன். உதவி என்றால் பிலிம் மாட்டுவது, பெட்டி தூக்குவது, ஒளிப்பதிவாளர் பக்ருதீன் பாய் திட்டும்போது தலையாட்டுவது. படம் ஓடும்போது திரையில் பாயின் பெயர் வரும். அவருடைய தையற்காரரின் பெயர் வரும். தலைமுடி சப்ளை செய்தவன் பெயர்கூட வரும். என் பெயர் வராது. என் அம்மா ஒவ்வொரு படத்துக்கும் முதல் நாளே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் வெறும் கையோடு திரும்பி வருவாள்.

அந்த மே மாதம் பாய்க்கு மஞ்சள் காமாலை வந்தது. பாவம் என்று சொல்ல வேண்டும், சொன்னேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்பதை ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன், இங்கே எதற்கு?

படத்துக்கு ஒரே ஒரு வெளிப்புறக் காட்சி பாக்கி. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய இளவரசி கடலோரத்தில் பாடிக்கொண்டு நடக்கிறாள். கப்பல் உடைந்தாலும் ஒட்டியாணம், கிரீடம், ஜிமிக்கி எதுவும் உடையவில்லை. தலை முடிகூடக் கலையவில்லை. அது இயக்குநர் சுப்புராயனின் கற்பனை, அதில் நான் தலையிடவில்லை. காமிராவும் கதாநாயகி மங்கையும் ஒரே ஒரு நாளைக்குத்தான் கிடைத்தார்கள். மறுநாள் காலை காமிரா வேறு படத்துக்குப் போகிறது, மங்கை சேலம் போகிறார்.

முதலாளி தவசிமுத்து கொத்தவால்சாவடியில் மிளகாய் மொத்த வியாபாரி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இது அவருக்கு முதல் படம். என்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"ஏவே, நீரு தனியா எடுத்துருவீரா?"

"எடுத்துடுவேன் முதலாளி."

"ஒழுங்கா எடுத்தீருன்னா வெளிப்புறப் படப்பிடிப்புன்னு உம்ம பேரைப் போடுதேன். கெடுத்தீருன்னா பழையபடி பெட்டி தூக்கப் போயிரும். இடையில பேச்சு கிடையாது, பாத்துக்கிடும்."

அன்றிரவு அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ராயபுரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

காட்சிக்கு எண்ணூர்க் கடற்கரை என்று முடிவானது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ரயிலேறிப் போய் இடம் பார்த்தேன். வெயிலில் மணல் கொதித்தது. கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான் எத்திராஜ். அவனையும் அவன் மனைவி அங்கம்மாவையும் ராயபுரத்துக்கு மீன் கொண்டுவந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம்.

"இன்னா மாமு, கத்திரி வெயில்ல வந்து கூத்து கட்டப் போறீங்களாமே? மண்டை கிண்டை கீதா உங்களுக்கு?" என்றான்.

"மண்டை கீது, நாள்தான் இல்ல. நாளைக்கு ஒரே நாளு. எப்ப எடுத்தா தேவலாம், சொல்லு."

எத்திராஜ் வலையைப் போட்டுவிட்டு எழுந்தான். "இப்ப கேட்ட பாரு, இது கேள்வி. காலீல மேக்காத்து. கரையாண்டேர்ந்து கடலுக்கு அடிக்கும். உன் பெட்டி கடலைப் பாத்துகினு நின்னா காத்து உன் முதுகாண்ட. நல்லது. ஒம்போது மணி ஆச்சின்னா உப்பளத்து மண்ணையெல்லாம் வாரிக்கினு வரும், கண்ணு தொறக்க முடியாது. மத்தியானத்துக்கு அப்பால கடல்காத்து ஏறும். அது நேரா உன் பெட்டி மூஞ்சில உப்பு அப்பும்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. இலை ஆடாது. நாய் கூட குலைக்காது. அப்ப இங்க நிக்கிறவன் மனுசன் இல்ல."

எனக்குக் கணக்கு தெளிவாகிவிட்டது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. சூரியன் கடலுக்கு மேலே, மங்கையின் முதுகுக்குப் பின்னால். கூந்தல் ஓரம் வெள்ளி மாதிரி மின்னும். முகத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டின பலகைகளால் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் போதும். காற்று முதுகுப் பக்கம், தூசி இன்னும் கிளம்பவில்லை. பாய் வந்திருந்தால்கூட இதைவிட நல்லதாகத் திட்டம் போட்டிருக்க மாட்டார். அதையும் பாதிரியாரிடம் சொல்லியாக வேண்டும்.

மங்கைக்கு இடம் வேண்டுமே என்றேன். அங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கீத்துக் கொட்டாய் போட்டுத் தரேன் நைனா. காத்து வர்ற பக்கம் மூணு பக்கமும் கோணி கட்டி, நாழிக்கு ஒரு தரம் தண்ணி தெளிச்சிகினே இருப்பேன். மேக்காத்து காஞ்ச காத்து, ஈரக் கோணில நுழைஞ்சி வந்திச்சின்னா சில்லுன்னு இருக்கும். ரூபா நோட்டு குடுத்தா கூட உள்ளேர்ந்து வெளிய வர மாட்டா உங்க ராணி."

பிலிம் டப்பாக்களுக்கு அவளே ஒரு பெரிய பானை தந்தாள். நிழலில் ஈர மணலைக் குழித்து, அதில் பானையை இறக்கி, உள்ளே காய்ந்த வைக்கோல் போட்டு, மறுநாள் டப்பாக்களை அடுக்க இடம் செய்தேன். வெயில் பிலிமுக்கு ஆகாது. அதற்காகப் பனிக்கட்டியில் வைக்கிற மேதாவிகளையும் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த டப்பாவைக் கடற்கரைக் காற்றில் திறந்தால் உள்ளே வியர்த்து பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பானை சூடும் இல்லை, குளிரும் இல்லை.

இவ்வளவும் யோசித்த நான் ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஆள், என் நாட்குறிப்பில் ராகு இல்லை. ஆனால் பதினோரு வருஷம் சினிமாவில் புழங்கிவிட்டு இதை மறந்தேன் என்றால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் காமிராவை நிறுத்திவிட்டேன். முக்காலியின் கால்களுக்கு அடியில் பலகை, தலைக்கு மேல் பெரிய கறுப்புக் குடை, உடம்புக்கு எண்ணெய்த்துணி. பாட்டைப் போடுகிற வண்டி தள்ளி நின்றது. மங்கை ஆறு மணிக்கு வந்து, முகத்தில் பூச்சு பூசி, நகையெல்லாம் மாட்டி, ஆறரைக்குத் தயார். கிரீடத்தை மட்டும் ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கச் சொன்னார். வெயிலில் கிடந்த தகரக் கிரீடத்தைத் தலையில் வைத்து ஒரு தடவை நெற்றி சுட்டுக்கொண்டாராம். நடிகை என்றால் தாமதமாக வருவாள் என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறானே, அவனைக் கொண்டுவந்து அன்று காட்டியிருக்க வேண்டும்.

வராதவர் முதலாளி. பூசை போடாமல் முதல் ஷாட் எடுக்கக் கூடாது. பூசைச் சாமான் அவர் காரில் இருக்கிறது. ஏழு மணி ஆயிற்று. ஏழே கால் ஆயிற்று. வெளிச்சம் அப்படி இருந்தது, கடல் முழுக்க வெள்ளி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழு முப்பத்தைந்துக்குக் கார் வந்தது. நெற்றி நிறைய திருநீற்றோடு தவசிமுத்து இறங்கினார்.

"திருவொற்றியூர்க் கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன்வே. படத்துக்கு நல்லதுல்லா."

"முதலாளி, வெளிச்சம் போயிடும். உடனே தேங்காயை உடைச்சிட்டு..."

"ராகுகாலத்துலயா? நல்லா இருக்கே உம்ம கதை! ஒம்பது மணி கழியட்டும். ஒம்பது அஞ்சுல இருந்து ஒம்பதே கால் வரைக்கும் நல்ல முகூர்த்தம், பஞ்சாங்கத்துல பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

இயக்குநர் சுப்புராயனைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். முதலாளியோடு தகராறு வரும்போதெல்லாம் அவருக்கு இயற்கைக் காட்சி பிடித்துவிடும்.

ஒன்றரை மணி நேரம் வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தோம். மங்கை கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். உதட்டுச் சாயம் அழியாமல் குடிக்க, அங்கம்மா பப்பாளி இலைத் தண்டை நறுக்கிக் கொடுத்தாள்; அதை வைத்து இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "ஸ்டானிஸ்லாஸ், பல்லை ரொம்பக் கடிக்காதீங்க. அப்புறம் சாப்பிட வேணும்" என்றார்.

எட்டே முக்காலுக்கு மேல்காற்று வேகம் பிடித்தது. மண் கிளம்ப ஆரம்பித்தது. இப்போதும் கெட்டுவிடவில்லை, பத்து நிமிஷம் கிடைத்தாலும் போதும். ஒன்பது மணிக்குக் காமிராவின் பக்கக் கதவைத் திறந்து, எண்ணெய்த்துணியைக் கூடாரம் மாதிரி என் முதுகு வழியாகப் போர்த்திக்கொண்டு, பிலிமைக் கோக்க ஆரம்பித்தேன். பிலிம் ஓடுகிற அந்தச் சின்ன வாசல் இருக்கிறதே, கேட் என்போம், அங்கே ஒரு மண் துகள் இருந்தாலும் படம் முழுக்கக் கோடு விழும். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

எனக்குப் பின்னால் தேங்காய் உடைந்தது. கர்ப்பூரம் எரிந்தது. சந்தனம் பூச ஒரு விரல் வந்தது, காமிராவின் முதுகில் பூசிக்கொள்ளட்டும் என்று விட்டேன். முதலாளியின் குரல் கேட்டது.

"கண்ணை மூடி வச்சிருக்கீரே! சாமி கும்பிடும்போது கண்ணு தெறந்துல்லா இருக்கணும்!"

லென்ஸ் மூடியை எடுத்துவிட்டார்கள். அடுத்த நொடி என் முதுகிலிருந்த எண்ணெய்த்துணி விலகியது. சில்லென்று ஏதோ பிடரியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தவசிமுத்து வெள்ளிப் பன்னீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாமன் மாதிரி, காமிராவின் முகத்திலும் திறந்திருந்த வயிற்றிலும் பன்னீரை வீசிக்கொண்டிருந்தார். லென்ஸில் சொட்டுச் சொட்டாக நின்றது. கேட்டில் நின்றது. கோத்த பிலிம் மேல் நின்றது. பின்னாலேயே மேல்காற்று ஒரு கை மண்ணை வாரி அதன் மேல் அப்பியது.

"அறிவு இருக்காய்யா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

பாட்டு வண்டிக்காரன்கூட எட்டிப் பார்த்தான். பதினோரு வருஷமாக ஸ்டூடியோவில் யாரையும் நீ என்று சொல்லாத வாய் இது. எனக்கே தெரியாது அதில் இவ்வளவு இருக்கிறது என்று.

"என்னவே சொன்னீரு?" என்றார் தவசிமுத்து மெதுவாக.

இனி எப்படியும் பெயர் போயிற்று. சொல்ல வேண்டியதையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "மழைலேந்து காப்பாத்த துணி வச்சிருக்கேன் முதலாளி. வெயில்லேந்து காப்பாத்த குடை வச்சிருக்கேன். உங்க பக்திலேந்து காப்பாத்த என்னாண்ட ஒண்ணும் இல்ல!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக் காமிராவின் கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்தேன். அந்தப் பக்கம் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் அங்கம்மாவை நிற்கச் சொன்னேன். தவசிமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அந்தப் பொம்பள மூஞ்சில பாதியக் காணலயே?"

"அது உங்க பன்னீரு."

பிறகு கேட்டிலிருந்து பிலிமை இழுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஈரம் பட்ட இடத்தில் பூச்சு ஊறி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மிளகாய் மண்டிக்காரருக்கு ஈரம் பட்ட சரக்கு என்றால் என்ன என்று தெரியும். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் வாய் மட்டும் இறங்கி வரவில்லை.

"இன்னைக்குப் படம் வரல்லைன்னா உம்ம பேரு மட்டுமில்லவே, இந்தத் தொழில்ல நீரே இல்ல. நான் எல்லாரிட்டயும் சொல்லிருவேன்."

காமிராவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் காற்றில் வெளியே கழற்றினால் அதைவிடக் கடலிலேயே போட்டுவிடலாம். அந்தக் கரையில் தூசி நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மூன்று பக்கமும் ஈரக் கோணி கட்டிய கொட்டகை. அது மங்கைக்கு. உள்ளே ஒரு ஆளும் ஒரு நாற்காலியும்தான் கொள்ளும். வெளியே அவர் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் முகப்பூச்சு உருகிக் கழுத்துக்கு வந்துவிடும்.

எப்படிக் கேட்பது என்று வாசலில் தயங்கி நின்றேன். மங்கை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க உள்ளே போங்க. எனக்கு உருகினா மறுபடி பூசிக்கலாம். அதுக்கு உருகினா என்ன பண்ணுவீங்க?"

என் வாழ்க்கையில் எந்த நடிகையைப் பார்த்தும் எனக்கு அழுகை வந்ததில்லை. அன்று வந்தது.

அங்கம்மா அவரைக் கட்டுமரத்தின் நிழல் பக்கம் உட்கார வைத்து, அதன் பாய்ச்சீலையை மேலே இழுத்துக் கட்டினாள். காலுக்கு அடியில் ஈரச் சாக்கு. எங்கள் வண்டியில் வந்திருந்த பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி முகத்தில் வைக்காமல் பிடரியிலும் மணிக்கட்டிலும் மாற்றி மாற்றி வைத்தாள். முகத்தில் வைத்தால் பூச்சு திட்டுத் திட்டாகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் தெரியாது. நுங்கை ஒவ்வொன்றாக வாயில் போட்டுவிட்டாள்.

"கண்ணு, வாயைத் தொறந்துகினே இரு. நீ ராணி, நான் வேலைக்காரி, அவ்ளோதான்."

நான் கொட்டகைக்குள் போனேன். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். கேட்டையும், பிலிமை அழுத்துகிற தகட்டையும் கழற்றித் தோல் துண்டால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, ஈரத்தோடு மண் இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும். லென்ஸை முதலில் ரப்பர் பந்தால் ஊதி, பிறகு தூரிகையால் தட்டி, கடைசியில்தான் மெல்லிய தாளில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தேன். பன்னீரின் அத்தர் கறை போகவே மாட்டேன் என்றது. எட்டுத் தாள் ஆயிற்று. கெட்டுப்போன பிலிமை வெட்டி எறிந்துவிட்டு, பானையிலிருந்து புது டப்பாவை எடுத்துக் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை விட்டு மாட்டினேன். காமிரா முழுக்க கல்யாண மண்டப வாசனை அடித்தது. இரண்டரை மணி நேரம். முடித்துவிட்டு வெளியே பார்த்தபோது சூரியன் உச்சந்தலையில் நின்றது.

காமிரா பிழைத்துவிட்டது. வெளிச்சம் செத்துவிட்டது. உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். சூரியன் சாய்கிற வரை காத்திருக்கலாம் என்றால், அதற்குள் கடல்காற்று ஏறி உப்பு அப்பிவிடும். மேல்காற்றோ இன்னும் மண்ணை வாரிக்கொண்டிருந்தது.

"எத்திராஜு, அந்த ஒண்ணும் இல்லாத நேரம், எப்ப வரும்?"

எத்திராஜ் கடலைப் பார்த்தான். ஸ்டேஷன் பக்கம் போகிற ரயிலின் புகையைப் பார்த்தான். "புகை படுத்துகினு கீது. அது நட்டுக்கினு எய்ந்தா காத்து செத்துச்சின்னு அர்த்தம். அப்பால கடல்ல தூரத்துல ஒரு கறுப்புக் கோடு வரும். அந்தக் கோடுதான் கடல்காத்து. கோடு கரைக்கு வர்றதுக்குப் பத்து நிமிசம். அதுக்குள்ள உன் கூத்தை முடிச்சிகினியோ, பொழைச்சே."

பத்து நிமிஷம். மங்கையின் தலைக்கு மேல் வெயிலை வடிகட்ட மெல்லிய வெள்ளைத் துணி வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். கட்டுமரத்துப் பாய் பழுப்பேறிக் கிடந்தது. மாற்றுப் புடவைகளெல்லாம் சிவப்பும் பச்சையும். ஒரே ஒரு வெள்ளை மட்டும் கண்ணைப் பறித்தது, எட்டு முழம், மெல்லிய மல், அன்றைக்குத்தான் சலவையிலிருந்து வந்தது. அது தவசிமுத்துவின் இடுப்பில் இருந்தது.

போகிற பெயர் ஏற்கெனவே போய்விட்டது. நேராகப் போய் நின்றேன்.

"முதலாளி, வேட்டி வேணும்."

"என்னது?"

"உங்க வேட்டி. பிரிச்சா பொண்ணு தலைக்கு மேல கட்டலாம். வெயிலு பூ மாதிரி எறங்கும். பன்னீருக்கு அதுதான் பிராயச்சித்தம்."

தவசிமுத்து என்னைப் பார்த்தார். கட்டுமர நிழலில் வியர்வை ஒற்றிக்கொண்டிருந்த மங்கையைப் பார்த்தார். கையில் இன்னும் பிசுபிசுத்த பிலிம் துண்டைப் பார்த்தார். பிறகு பாட்டு வண்டிக்குப் பின்னால் போனார். ஒரு கை மட்டும் வெளியே நீண்டது, வேட்டியோடு.

"கிழிச்சிராதேயும்வே. ஊருக்கு உடுத்திட்டுப் போகணும்."

எத்திராஜும் அவன் ஆட்கள் மூன்று பேரும் நாலு துடுப்பின் முனையில் வேட்டியின் நாலு மூலைகளையும் கட்டினார்கள். மங்கை நடக்கும்போது நிழலும் கூட நடக்க வேண்டும், ஆட்கள் காட்சிக்குள் தெரியக் கூடாது. நான் நீள லென்ஸ் போட்டு முகத்தையும் தோளையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை நடந்து பழகினார்கள். சாமி ஊர்வலம் போல நாலு பேரும் காலை ஒன்றாக வைத்தார்கள். எத்திராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ரயில் ஒன்று போயிற்று. புகை நட்டுக்கொண்டு எழுந்தது. மணல் படுத்தது. வேட்டி ஆடவில்லை. சூடு மட்டும் நாலு பக்கமும் வந்து அணைத்தது. மங்கையின் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். காலடிச் சாக்கை எடுத்தார்கள். பலகைக்காரர்கள் வெள்ளித்தாளின் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பினார்கள்.

"கண்ணை மூடிக்கங்கம்மா. பாட்டு ஆரம்பிச்சப்புறம் தொறந்தா போதும்" என்றேன்.

"மாமு! கோடு வருது!" என்றான் எத்திராஜ் துடுப்பைப் பிடித்தபடியே.

கடலில் தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு. பாட்டு ஒலித்தது. காமிரா ஓடியது. மங்கை கண்ணைத் திறந்தார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலை வெளிச்சத்தில்கூட அந்த முகம் அப்படி வந்திருக்காது. நிழல் என்று சொல்ல முடியாத ஒரு நிழல், குழந்தையை எழுப்பாமல் போர்த்தின மாதிரி மேலே விழுந்திருந்தது. பின்னால் கடல் அசையாமல் கண்ணாடி போலக் கிடந்தது. ஒன்றரை நிமிஷம் பாட்டு. கடைசி வரியில் வேட்டியின் ஓரம் லேசாகத் துடித்தது. "கட்" என்று சுப்புராயன் சொல்லுமுன்பே காமிராவைத் துணியால் மூடினேன். கடல்காற்று வந்து கன்னத்தில் உப்பை அறைந்தது.

கேட்டைத் திறந்து பார்த்தேன். துகள் இல்லை. கோடு இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தார்கள். தவசிமுத்து இருட்டில் உட்கார்ந்து பார்த்தார். விளக்குப் போட்டதும் எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் பெட்டி தூக்கத் திரும்பிப் போனேன். பாய்க்கு உடம்பு தேறிவிட்டது, திட்டும் தேறிவிட்டது.

படம் தீபாவளிக்கு வந்தது. திருவொற்றியூரில் ஒரு டூரிங் கொட்டகையில் முதல் நாள். அம்மாவை நான் கூப்பிடவில்லை, அவளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எத்திராஜும் அங்கம்மாவும் எனக்குப் பக்கத்தில். பெயர்கள் ஓடத் தொடங்கின. தையற்காரர் வந்தார். தலைமுடிக்காரர் வந்தார். பக்ருதீன் பாய் வந்தார். நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, எம்மாம் பெருசா போட்டுக்கீறாங்க! இது இன்னா எய்த்து?" என்று அங்கம்மா என் தோளைக் குலுக்கினாள்.

நிமிர்ந்தேன். திரை முழுக்க ஒரே ஒரு அட்டை.

வெளிப்புறப் படப்பிடிப்பு: ஸ்டானிஸ்லாஸ்.

முன்வரிசையில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவன் உட்காரச் சொல்லிக் கத்தினான். என் கண்ணில் எல்லாம் கலங்கிப்போயிற்று, அதனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த இன்னொரு வரியைப் படிக்க முடியவில்லை. எத்திராஜ்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான்.

"நி... நிழல்... உதவி... தவசி... முத்து."

கொட்டகையில் ஒருவனுக்கும் புரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அழுதுகொண்டேதான் சிரித்தேன்.